“50% வரை” என்றால் அப்பாவின் காதில் என்ன விழுகிறது?

கேள்வி: மேடம், திருச்சியில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை அலுவலகத்தில் சோஷியல் மீடியா வேலை பார்க்கிறேன். பிரிட்டனில் மாஸ்டர்ஸ் படிக்க, 2026 செப்டம்பர் இன்டேக்குக்காக மே மாதம் ஓர் இன்ஃபர்மேஷன் செஷன் நடத்துகிறோம். இன்ஸ்டாகிராம் போஸ்டருக்குக் கீழே போடச் சொல்லி எங்கள் சார் எழுதிக் கொடுத்த கேப்ஷன் இது: “100% அட்மிஷன்! 50% வரை ஸ்காலர்ஷிப்! ஸ்பாட் ஆஃபர் லெட்டர்! ஐஇஎல்டிஎஸ் வேண்டாம்! படித்து முடித்ததும் 2 வருட வேலை விசா!” கேட்டால், இதில் பொய் எதுவும் இல்லையே என்கிறார். எனக்கு உறுத்துகிறது. ஆனால் எது தப்பு என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. உண்மையாகவும் இருக்கணும், ஆளும் வரணும். எப்படி எழுதுவது?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: உங்கள் சார் சொல்வதில் பாதி சரி. அந்தக் கேப்ஷனில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எங்காவது ஒரு மூலையில் ஆதாரம் காட்டிவிடலாம்.

அந்த ஒன்றை முதலில் முடித்துவிடுகிறேன். படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலை விசா, அதாவது கிராஜுவேட் ரூட், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். இரண்டு வருடம் என்பது அதற்கு முன்னால் விண்ணப்பிப்பவர்களுக்கு. 2026 செப்டம்பரில் சேரும் பிள்ளை ஒரு வருட மாஸ்டர்ஸை முடிக்கும்போது 2027 செப்டம்பர் ஆகியிருக்கும். உங்கள் செஷனுக்கு வரும் ஒருவருக்குக்கூட அந்த இரண்டு வருடம் பொருந்தாது. இது உறுத்தல் சமாச்சாரம் இல்லை, நேரடித் தவறு. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சென்ற வருடத்துக் கேப்ஷனை எடுத்து வருடத்தை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

மற்றவை வேறு வகை. அவற்றில் எழுதியவர் ஒரு பொருளை நினைக்கிறார், படிக்கிற வீட்டில் வேறொரு பொருள் விழுகிறது. கேப்ஷன் எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது பொருளைத்தான்.

நான் கவுன்சிலராக இருந்த காலத்தில் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா வந்தார். மகள் பி.டெக் பயோடெக்னாலஜி கடைசி வருடம். சட்டைப் பையிலிருந்து எங்கள் நோட்டீஸை எடுத்தார். நாலாக மடித்து, மடிப்பில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. அதன் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில் ஒரு கணக்கு. மொத்தச் செலவு என்று யாரோ சொல்லியிருந்த ஒரு தொகையை எழுதி, அதற்கு நேராகக் கோடு போட்டு, சரிபாதியைக் கழித்திருந்தார். மீதிப் பாதிக்கு நகைக்கடன் இவ்வளவு, பேங்க் லோன் இவ்வளவு. “பாதி அவங்க குடுத்திடறாங்கன்னு போட்டிருக்கே, மீதிக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன் மேடம்” என்றார். நோட்டீஸில் நாங்கள் போட்டிருந்தது “50% வரை ஸ்காலர்ஷிப்”. அந்த “வரை” அவர் கண்ணில் படவே இல்லை. எழுத்து சின்னதாகவும் இல்லை. பட்டிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? “வரை” என்றால் ஆயிரத்தில் ஒருத்தருக்கா, பத்தில் ஒன்பது பேருக்கா என்று அந்தச் சொல் சொல்வதே இல்லையே.

அவர் செய்த கணக்கில் இரண்டு இடத்தில் சறுக்கல் இருந்தது. இரண்டுக்கும் காரணம் எங்கள் நோட்டீஸ்தான். இன்றைய எண்களை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் சாரிடமும் இதையே ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு வருட மாஸ்டர்ஸுக்குக் கல்விக் கட்டணம் 18,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். விசாவுக்குக் கையிருப்புக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு, லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண்டு, 9 மாதத்துக்கு 10,539. இது 2025 நவம்பரில் மாறிய தொகை. விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் மாணவர்களுக்கு வருடத்துக்கு 776. ஒரு வருடப் படிப்புக்குக் கொடுக்கும் விசா படிப்பைத் தாண்டியும் சில மாதம் ஓடுவதால் ஒன்றரை வருடத்துக்கான தொகையை வாங்கிவிடுவார்கள், ஆக 1,164. விசா கட்டணமும் விமான டிக்கெட்டும் சேர்க்காமலே மொத்தம் 29,703 பவுண்டு.

இப்போது பாதிக் கட்டணம் குறையும் ஸ்காலர்ஷிப் முழுதாகவே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். 18,000-இல் பாதி, 9,000 குறையும். மொத்தச் செலவில் பார்த்தால் அது 30 சதவீதம். அப்பா போட்ட கணக்கில் 50. இது முதல் சறுக்கல்: சதவீதம் எதன்மேல் என்று நாங்கள் எழுதவில்லை.

இரண்டாவது சறுக்கல் அதைவிடப் பெரியது. பாதிக் கட்டணம் குறையும் ஸ்காலர்ஷிப் அவர் மகளுக்குக் கிடைக்கக்கூடியதே இல்லை. அது ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு துறையில், கட்டுரை எழுதிப் போட்டியிட்டு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் வாங்குவது. பெரும்பாலோருக்குக் கிடைப்பது, இந்திய மாணவர் என்பதற்காகவோ முன்பணத்தைச் சீக்கிரம் கட்டினார்கள் என்பதற்காகவோ கட்டணத்தில் குறைக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் பவுண்டு. 3,000 என்றே வையுங்கள். 29,703-இல் அது பத்து சதவீதம். பவுண்டுக்கு 120 ரூபாய் என்று போட்டால், ஸ்காலர்ஷிப் போக அந்த வீடு புரட்ட வேண்டியது சுமார் 32 லட்சம். பாதி என்று நம்பியிருந்தால் 18 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. இடைவெளி 14 லட்சம். அது நகைக்கடனில் அடைகிற தொகை இல்லை.

அந்தப் பெண் அந்த வருடம் போகவில்லை. அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நாள் நினைவிருந்திருக்காது. நோட்டீஸைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “நான்தான் தப்பாப் படிச்சிட்டேன் போல” என்றார்.

ஸ்காலர்ஷிப் என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் உதவித்தொகை என்றால் பணம் பேங்க் கணக்கில் வந்து விழுவது. பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான் பழக்கம். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தருவது அது இல்லை. கட்ட வேண்டிய ரசீதில் ஒரு தொகையைக் குறைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். தமிழில் அதற்குச் சரியான சொல் கட்டணச் சலுகை, அல்லது கட்டணத் தள்ளுபடி. உங்கள் சார் “தள்ளுபடி என்று போட்டால் ஜவுளிக்கடை மாதிரி இருக்கிறது” என்பார். இருக்கட்டும். ஸ்காலர்ஷிப் என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே “கட்டணத்தில் குறையும், கையில் பணமாக வராது” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகைகள் உண்டு, ஆனால் அவை உங்கள் கையில் இல்லை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை, கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் தருகிறது. ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், விண்ணப்பம் முந்தைய வருடம் ஆகஸ்டில் திறந்து இலையுதிர் காலத்திலேயே மூடிவிடும். மே மாதச் செஷனுக்கான போஸ்டரில் செவனிங் பெயரைப் போட்டால், ரயில் போன பிறகு டிக்கெட் விற்பது போலத்தான். கிரேட் ஸ்காலர்ஷிப் குறைந்தது 10,000 பவுண்டு. அதற்கு ஆஃபர் கையில் இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கடைசித் தேதி வேறு. உங்களோடு வரும் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தில் இருந்து, தேதியும் முடியாமல் இருந்தால் மட்டும் போடுங்கள். இன்னொன்று, ஒரு பைசா கமிஷன் வராது என்பதால் நம் தொழிலில் யாரும் சொல்லாதது: பட்டியலின மாணவர்களுக்கும், நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் தனியாகத் தருகிறது. கேப்ஷனில் இல்லாவிட்டாலும் செஷன் மேசையில் ஒரு தாளாவது இருக்கட்டும்.

அட்மிஷனுக்கு வருகிறேன். நம் வீடுகளில் அட்மிஷன் என்றால் சீட் கிடைத்தாச்சு, ஃபீஸ் கட்டியாச்சு, ஹாஸ்டல் பார்க்கணும் என்று பொருள். பிரிட்டனில் சீட் வரை நாலைந்து படி இருக்கிறது. முதலில் வருவது நிபந்தனை ஆஃபர்: கடைசி செமஸ்டர் முடிவு இவ்வளவு வர வேண்டும், ஆங்கிலத் தேர்வு இவ்வளவு வேண்டும், பாஸ்போர்ட் நகல் வேண்டும். அதையெல்லாம் முடித்தால் நிபந்தனையற்ற ஆஃபர். பிறகு முன்பணம் கட்டணும். அப்புறம் பல பல்கலைக்கழகங்கள் வீடியோவில் ஓர் இன்டர்வியூ வைக்கின்றன: இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய், யார் பணம் கட்டுகிறார்கள், இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தாய். அதில் தேறினால்தான், சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் காஸ் எண் வரும். அந்த எண் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. விசா கொடுப்பது பிரிட்டன் உள்துறை. இத்தனை கதவு இருக்கும்போது முதல் கதவைக் காட்டி “100% அட்மிஷன்” என்பது நம் தொழிலின் பழைய வித்தை.

இன்னொரு வித்தை, எண்ணிக்கை. “சென்ற ஆண்டு 300 அட்மிஷன்” என்று ஒரு பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மாணவருக்கு ஐந்து பல்கலைக்கழகத்திலிருந்து ஆஃபர் வந்தால் அதை ஐந்தாக எண்ணுவார்கள். 60 பேர் விண்ணப்பித்தாலே 300 தேறிவிடும். அவர்களில் விமானம் ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது பலகையில் இருக்காது. உங்கள் அலுவலகக் கணக்கைப் போடுவதாக இருந்தால் ஆள் கணக்காகப் போடுங்கள்: விண்ணப்பித்தவர்கள் இத்தனை பேர், விசா வாங்கிச் சேர்ந்தவர்கள் இத்தனை பேர். இரண்டு எண்ணும் சேர்ந்து வந்தால்தான் அதற்கு அர்த்தம். ஒன்று மட்டும்தான் போட முடியும் என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

“ஸ்பாட் ஆஃபர் லெட்டர்” பற்றி இரண்டு வரி. சில பல்கலைக்கழகப் பிரதிநிதிகள் மார்க் ஷீட்டைப் பார்த்து, இவர் தகுதியானவர் என்று அங்கேயே ஒரு தாளில் எழுதித் தருவது உண்டு. அது முறையான ஆஃபர் இல்லை, தகுதிப் பார்வை. அதோடு, நம் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு ஆஃபர் லெட்டர் என்றால் கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைக்கும் வேலைக் கடிதம்! “அங்கே போனா அன்னைக்கே வேலை தராங்களாம்” என்று ஒரு பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். “அன்றே தகுதி பார்த்துச் சொல்கிறோம்” என்று எழுதினால் இந்தக் குழப்பமே வராது. சொன்னதைச் செய்யவும் முடியும்.

ஐஇஎல்டிஎஸ் விஷயத்தில் உங்கள் சார் சொல்வது பாதி உண்மை. சில பல்கலைக்கழகங்கள் ப்ளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் எந்த போர்டு, எத்தனை மார்க் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஸ்டேட் போர்டுக்கு சிபிஎஸ்இயைவிடக் கூடுதலாகக் கேட்கும் இடங்களும் உண்டு. திருச்சியில் உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் ஸ்டேட் போர்டு. அவர்களுக்கான எண்ணைப் போடுங்கள்.

இதெல்லாம் வெறும் மனசாட்சி விஷயமும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-இல் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. அதில் கேப்ஷன் எழுதுகிறவருக்கு நேரடியாகப் பொருந்துவது மறுப்புக்குறிப்பு பற்றிய பகுதி. மேலே ஒன்றைச் சொல்லிவிட்டுக் கீழே நட்சத்திரக்குறி போட்டு அதையே மறுக்கக் கூடாது. முக்கியமான தகவலைக் குறிப்பில் ஒளிக்கக் கூடாது. மேலே எந்த மொழியோ குறிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். “100% அட்மிஷன்” என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டு, “நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்பதை ஆங்கிலத்தில் எறும்பு அளவில் போடுவது மூன்றிலும் மாட்டும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். உங்கள் சார் அபராதத்துக்குப் பயப்படாவிட்டால் இதைச் சொல்லுங்கள்: விசா மறுப்பு அதிகமானால் பல்கலைக்கழகத்தின் ஸ்பான்சர் உரிமத்துக்கே ஆபத்து. அதனால் எந்த ஏஜென்ட் அனுப்பும் பிள்ளைகளுக்கு மறுப்பு வருகிறது என்று அவர்கள் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். பாதிச் செலவு என்று நம்பிக் கிளம்பி, கணக்கில் பணம் காட்ட முடியாமல் நிற்கும் குடும்பம்தான் மறுப்பில் முடியும்.

சரி, கேப்ஷனுக்கு வருவோம். இன்ஸ்டாகிராமில் முதல் இரண்டு வரிதான் தெரியும், மீதி “மேலும்” என்பதைத் தட்டினால்தான். எனவே அந்த இரண்டு வரியில் ஆசை மட்டும் இருந்து, கட்டுப்பாடு முழுக்க அடியில் போனால் அதுவும் ஒளிப்பதுதான். கீழே இருப்பது நான் எழுதினால் எழுதும் வடிவம். எண்கள் மாதிரிக்கு. உங்களோடு வரும் பல்கலைக்கழகங்களின் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

> பிரிட்டனில் மாஸ்டர்ஸ், 2026 செப்டம்பர். ஸ்காலர்ஷிப் போக மொத்தம் எவ்வளவு ஆகும்? உங்கள் மார்க் ஷீட்டை வைத்தே கணக்குப் போட்டுத் தருகிறோம்.
>
> ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை. 3 பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகள் நேரில் வருகிறார்கள். அப்பா அம்மாவையும் கூட்டி வாருங்கள், கணக்கு அவர்களுக்கும்தான்.
>
> ஸ்காலர்ஷிப்: இந்த மூன்றிலும் இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் 2,000 முதல் 3,000 பவுண்டு குறைகிறது. கையில் பணமாக வராது. வாடகை, சாப்பாடு, விசா செலவு இதில் சேராது. கட்டணத்தில் பாதி குறையும் ஸ்காலர்ஷிப் ஒரு பல்கலைக்கழகத்தில் மட்டும், 5 பேருக்கு. தனியாக விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். கடைசித் தேதியும் விவரமும் செஷனில்.
>
> அட்மிஷன்: தகுதி இருக்கிறதா என்று அன்றே பார்த்துச் சொல்வோம். ஆஃபர் தருவது பல்கலைக்கழகம், விசா தருவது பிரிட்டன் அரசு. இரண்டுக்கும் நாங்கள் உத்தரவாதம் தர முடியாது.
>
> ஆங்கிலம்: இரண்டு பல்கலைக்கழகங்கள் ப்ளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணை ஏற்கின்றன (ஸ்டேட் போர்டு 75-க்கு மேல்). மூன்றாவதுக்கு ஐஇஎல்டிஎஸ் வேண்டும்.
>
> படிப்புக்குப் பின் வேலை விசா: இப்போதைய விதிப்படி 18 மாதம்.
>
> ஆலோசனைக்கு உங்களிடம் பணம் வாங்குவதில்லை. நீங்கள் சேர்ந்தால் பல்கலைக்கழகம் எங்களுக்குக் கமிஷன் தரும்.

சில முடிவுகளை ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் சார் கேட்பார். முதல் வரியில் ஆசை காட்டவில்லை என்று தோன்றும். காட்டியிருக்கிறேன். வேறு எந்தக் கடையும் வெளிப்படையாகத் தராத ஒன்றை, மொத்தக் கணக்கை, தருவதாகச் சொல்லியிருக்கிறேன். துறையூர் அப்பா நோட்டீஸின் பின்பக்கத்தில் தேடியது அதைத்தான். சதவீதத்தை முழுக்க எடுத்துவிட்டுப் பவுண்டில் போட்டதும் அதே காரணத்துக்காக. “2,000 முதல் 3,000” என்று கீழ் எல்லையையும் சேர்த்துப் போட்டால், படிக்கிறவர் மேல் எல்லையையே பிடித்துக்கொள்ள மாட்டார். பெரிய ஸ்காலர்ஷிப்பை ஒளிக்கவும் இல்லை. எத்தனை பேருக்கு என்று சொன்னேன், அவ்வளவுதான். திறமையான பிள்ளை ஐந்து இடம் என்று பார்த்தாலும் விண்ணப்பிக்கத்தான் செய்வான்.

கமிஷன் வரியைப் பார்த்ததும் உங்கள் சார் அடித்துவிடுவார் என்று தெரியும். வாதாடிப் பாருங்கள். “அனுமதி இலவசம்” என்று போடும்போது, அப்போ இவங்களுக்கு லாபம் எங்கிருந்து என்ற கேள்வி ஊரில் எல்லோர் மனதிலும் ஓடுகிறது. ஒரு வரியில் பதில் சொன்னால் அந்தச் சந்தேகம் அங்கேயே முடிகிறது. முடியவே முடியாது என்றால் கேப்ஷனிலிருந்து எடுத்துவிட்டு, செஷனின் முதல் ஸ்லைடில் போடச் சொல்லுங்கள்.

வெளியிடும் முன் ஒரு சோதனை. அலுவலகத்தில் இந்தத் தொழில் தெரியாத ஒருவரிடம், டீ கொண்டு வரும் அண்ணனிடமோ உங்கள் அம்மாவிடமோ, கேப்ஷனைப் படிக்கக் கொடுங்கள். “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “இதுக்குப் போனா என்ன கிடைக்கும், நாம எவ்வளவு கட்டணும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உண்மையோடு ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு கேப்ஷனில்தான். நான் எழுதிய மேலே உள்ள வடிவத்தை என் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். முதல் வடிவத்தில் “கல்விக் கட்டணத்தில்” என்ற சொல் இல்லாமல் “3,000 பவுண்டு வரை ஸ்காலர்ஷிப்” என்றுதான் இருந்தது. “மாசம் மூவாயிரமா?” என்று கேட்டார். அதன் பிறகு சேர்த்த சொல்தான் அது.

அப்புறம், ஒவ்வொரு எண்ணுக்கும் பல்கலைக்கழக இணையப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பக்கத்தின் மேலே எந்த இன்டேக் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். முடிந்துபோன வருடத்து ஸ்காலர்ஷிப் பக்கங்களைப் பல்கலைக்கழகங்கள் அழிப்பதே இல்லை, தேடினால் பழையதுதான் முதலில் வரும். லோகோவோ பெயரோ போடுவதாக இருந்தால் கேப்ஷனை முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதிக்கு மெயிலில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். பெரும்பாலான ஏஜென்ட் ஒப்பந்தங்களில் அது இருக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். இது உங்களுக்கும் நல்லது. உங்கள் சார் “50% வரை” என்று திரும்பச் சேர்க்கச் சொன்னால், “யுனிவர்சிட்டி அப்ரூவ் பண்ணின டெக்ஸ்ட் சார், மாத்தினா மறுபடி அனுப்பணும்” என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆள் வருமா என்ற கேள்விக்கு உங்களை ஏமாற்ற மாட்டேன். குறையும். நாங்கள் இந்த மாதிரி எழுத ஆரம்பித்த முதல் செஷனில் பின்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, எங்கள் முதலாளி என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் வந்தவர்களில் நிறையப் பேர் மார்க் ஷீட் ஃபைலோடு, பெற்றோரோடு வந்திருந்தார்கள். “இலவசமாமே” என்று கேட்டுவிட்டு டீ குடித்துப் போகும் கூட்டம் இல்லை. முன்னாலெல்லாம் செஷன் முடிந்து ஒரு மாதம் வரை, “பாதி ஸ்காலர்ஷிப்னு சொன்னீங்களே” என்ற போனுக்குப் பதில் சொல்லியே இரண்டு கவுன்சிலர்களின் நேரம் போகும். அந்தப் போன்கள் நின்றன. உங்கள் சாருக்குத் தலை எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் இது அவரை அசைக்காது. கோப்பு எண்ணிக்கை முக்கியம் என்றால் ஒரு செஷன் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தவர்கள் எத்தனை, விண்ணப்பம் போட்டவர்கள் எத்தனை என்று இரண்டு முறைக்கும் நீங்களே குறித்து வைத்துக் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. சனிக்கிழமை இரவு கேப்ஷனைத் திரும்பத் திறந்து பாருங்கள். மூன்று பிரதிநிதிகளில் ஒருவர் வரவில்லை என்று அன்றைக்குத்தான் தகவல் வரும், அடிக்கடி நடப்பதுதான். உடனே “3” என்பதை “2” ஆக மாற்றுங்கள். வராதவருடைய ஸ்காலர்ஷிப் வரியையும் சேர்த்து எடுங்கள்.